டிவி ஸ்லாட்டில் கார்டு தெரியவில்லையா? கோளாறு எந்த இணைப்பில் என்று கண்டுபிடிப்பது எப்படி

கேள்வி: மாட்யூலை டிவி ஸ்லாட்ல போட்டா "மாட்யூல் இல்லை"ன்னே வருது சார். கார்டைத் துடைச்சுத் துடைச்சு அலுத்துப்போச்சு.

பதில்: கார்டை எடுத்து ஓரமாக வையுங்கள், அதன் மேல் குற்றமில்லை. கட்டணச் சேனல் கார்டைத் தாங்கி டிவி ஸ்லாட்டில் செருகும் சிறு பெட்டிதான் மாட்யூல். ஆகவே இங்கே இரண்டு இணைப்புகள் இருக்கின்றன: டிவிக்கும் மாட்யூலுக்கும் ஒன்று, மாட்யூலுக்கும் கார்டுக்கும் ஒன்று. கார்டு இல்லாமல் வெறும் மாட்யூலைச் செருகி, மெனுவில் `Common Interface` பகுதியைத் திறந்து பாருங்கள். மாட்யூலின் பெயர் வந்தால் ஸ்லாட் நன்றாக இருக்கிறது. உங்களுக்கு வராது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் டிவி மாட்யூலையே இன்னும் பார்க்கவில்லை.

ஸ்லாட்டுக்குள் 34 பின் வீதம் இரண்டு வரிசை, மொத்தம் 68. மாட்யூல் வந்துவிட்டது என்று டிவிக்குச் சொல்வது அவற்றில் இரண்டு பின்கள்தான். ஒரே வரிசையின் இரு முனைகளை ஒட்டி இருக்கும் அவை மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை, அதனால் கடைசியில்தான் தொடும். மாட்யூல் லேசாகச் சாய்ந்தோ முழுதாக இறங்காமலோ இருந்தால் இரண்டில் ஒன்று தொடாது. டிவியைப் பொறுத்தவரை ஸ்லாட் காலி.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒரு பின் வரிசை விட்டுச் சாய்ந்திருந்தால் மாட்யூலை அழுத்தவே கூடாது, அழுத்தினால் மடங்கி ஒடியும். எல்லாம் நேராக இருந்தால் கையால் அமுக்கும் புளோயரால் தூசியை ஊதிவிட்டு, இரு கட்டைவிரலாலும் இரு மூலையையும் ஒரே அளவாக அழுத்துங்கள். பாதியில் நின்றால் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள், நூல் பின்னில் சிக்கிக்கொள்ளும். சில டிவிகளுக்கு ஸ்லாட்டில் மாட்ட வேண்டிய அடாப்டர் ஒன்று பெட்டியோடு வரும், அதையும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு மாட்யூல் பேர் வருது, ஆனா "கார்டைச் செருகவும்"னு நிக்குது. பென்சில் ரப்பரால தேய்ச்சா சரியாகிடும்தானே?

பதில்: பாதி சரி. ரப்பர் அழுக்கை எடுக்கும், கூடவே மெல்லிய தங்கப் பூச்சையும் தேய்க்கும். அதன் துகள் கார்டோடு மாட்யூலுக்குள் போனால் புதுத் தொல்லை. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை, நூல் உதிராத துணியில் ஈரம் படும் அளவு மட்டும் எடுத்து, சிப்பை ஒரே திசையில் துடைத்துக் காயவிடுங்கள். மாட்யூலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தொடுமுனைகளுக்குக் கை எட்டாது. சுத்தமான கார்டை ஐந்தாறு முறை செருகி எடுத்தாலே அவற்றின் மேல் படிந்த அழுக்கை அது வழித்துவிடும். உள்ளே திரவம் எதையும் தெளிக்காதீர்கள்.

சிப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது மாட்யூலுக்கு மாட்யூல் மாறும். தலைகீழாகப் போட்டாலும் இதே செய்திதான் வரும். கார்டை முதலில் மாட்யூலுக்குள் முழுதாகத் தள்ளி, அதன் பிறகு மாட்யூலை டிவியில் போட்டு ஆன் செய்யுங்கள். அதே கார்டு வேறு மாட்யூலில் வேலை செய்தால் உங்கள் மாட்யூலின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

கேள்வி: செட்டாப் பாக்ஸ் கார்டை நேரா டிவி ஸ்லாட்ல விட்டேன், லொடலொடன்னு ஆடுது. துடைக்கணுமா?

பதில்: துடைக்க வேண்டாம், வெளியே எடுங்கள். கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், ஸ்லாட் 5 மில்லிமீட்டர் மாட்யூலுக்கானது. நடுவில் மாட்யூல் வேண்டும். அதை வாங்குமுன் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள்: கார்டை அந்தப் பாக்ஸோடு பிணைத்திருந்தால் மாட்யூலில் ஓடாது.

கேள்வி: பழைய டிவி, புது சிஐ பிளஸ் மாட்யூல். ஒத்துவருமா?

பதில்: சிஐ பிளஸ் என்பது `Common Interface` முறையின் பாதுகாப்புக் கூடிய புது வடிவம். செருக முடியும், ஆனால் அந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கிய சேனல்கள் வராது. எந்தத் துடைப்பும் அதை மாற்றாது. பழைய மாட்யூலைப் புது டிவியில் போடுவது பெரும்பாலும் நடக்கும். டிவியும் சிஐ பிளஸ் என்றால் முதல் முறை சில நிமிடம் பொறுங்கள், இரண்டும் சான்றிதழைச் சரிபார்த்துக்கொள்ளும். அதற்குச் சரியான தேதி வேண்டும், அது ஒளிபரப்பிலிருந்து வருகிறது. ஆகவே அந்த நிறுவனத்தின் சேனல் ஒன்றில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். நடுவில் உருவி எடுத்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

கேள்வி: ஒரு மணி நேரம் நல்லா ஓடிட்டு மாட்யூல் காணாமப் போகுது அண்ணா. ஆறவிட்டா திரும்ப வருது. தம்பி வீட்டு டிவில இப்படி ஆகலை.

பதில்: சூட்டில் தொடர்பு விடுகிறது. ஸ்லாட் பின்னின் சால்டரில் விரிசல் இருக்கலாம், அல்லது சுவரோடு ஒட்டி மாட்டியதால் மாட்யூலே அளவுக்கு மீறிச் சூடாகலாம். தம்பி டிவிக்குப் பின்னால் காற்றோட்டம் அதிகமென்றால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. உங்கள் டிவியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, ஒரு மணி நேரம் தாண்டுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தாண்டவில்லையென்றால் போர்டை டெக்னீஷியனிடம் காட்ட வேண்டியதுதான்.