நோட்டில் எழுதி முடித்த வண்டிக் கடன்

கேள்வி: டாக்ஸி வாங்கி ஆறு மாதம் ஆகிறது. ஒவ்வொரு டியூவையும் நோட்டில் எழுதி வை என்று அப்பா சொல்கிறார். மொபைலில்தான் எல்லாம் வருகிறதே, நோட்டு எழுதிக் கடனை முடித்தவர் யாராவது இருக்கிறீர்களா?

இருக்கிறேன். மதுரையில் டி போர்டு வண்டி ஓட்டுகிறேன். 2018 ஜூனில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் ஐந்து லட்சம் ரூபாய் கடன் வாங்கி, 2023 மார்ச்சில் முடித்தேன். உங்கள் அப்பா சொல்வது சரி. ஆனால் கட்டிய தேதியையும் தொகையையும் மட்டும் எழுதுவதென்றால் நோட்டு தேவையில்லை. அதற்கு நீங்கள் சொல்வது போல் மொபைலே போதும். மொபைலில் வராத ஒரு கணக்கு இருக்கிறது, நோட்டு அதற்குத்தான்.

வண்டி எடுத்த அன்று ஷோரூமில் என்னிடம் சொன்ன வட்டி 9 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு ஆண்டு வட்டி 45,000, நான்கு ஆண்டுக்கு 1,80,000, ஆக மொத்தம் 6,80,000. அதை 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதத் தவணை 14,170 ரூபாய் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் நான்காம் ஆண்டில் என் கையில் ஐந்து லட்சமா இருக்கப் போகிறது? மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறேனே. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால், அதே 14,170 ரூபாய்த் தவணைக்கு உண்மையான வட்டி ஏறத்தாழ 16 சதவீதம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கடன் ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த தவணை அட்டவணையில் அவர்களே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, அவ்வளவுதான்.

நோட்டில் நான் போட்ட கட்டங்கள் அந்த அட்டவணையைப் பார்த்துப் போட்டவை. வலது பக்கத்தில் தவணைத் தேதி, கட்டிய தொகை, அதில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, மீதி அசல் பாக்கி எவ்வளவு, வங்கியின் பரிவர்த்தனை எண். முதல் தவணையில் வட்டி 6,667, அசலுக்குப் போனது 7,503, மீதி 4,92,497. அடுத்த மாதம் அந்த 4,92,497-க்கு மட்டும் வட்டி போட்டால் 6,567 வரும். நூறு ரூபாய் குறையும், அந்த நூறு அசலில் கூடும். கணக்கு இவ்வளவுதான், பத்தாம் வகுப்பு படித்தவர் போடலாம். இடது பக்கம் தினப்படிக் கணக்கு. மாதத்தில் 26 நாள் ஓடும் என்று வைத்து, நாளுக்கு 550 ரூபாயை டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்பே தனியாக எடுத்து வைத்து, எடுத்ததை அங்கே எழுதினேன். சவாரி இல்லாத நாளில் சைபர் என்றே எழுதுவேன், ஏனென்றால் எத்தனை சைபர் விழுந்திருக்கிறது என்பது இருபதாம் தேதியே தெரிந்துவிட்டால் ஐந்தாம் தேதிக்குள் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியும்.

பணமாகக் கட்டும் மாதங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வசூலுக்கு வருபவர் கைக்கருவியில் அடித்துத் தரும் ரசீது, பேருந்து டிக்கெட் போன்ற வெப்பத்தாள். வண்டியின் டேஷ்போர்டில் வைத்தால் வெயிலுக்கு ஒரே கோடையில் எழுத்து மறைந்து வெள்ளைக் காகிதமாகிவிடும். ரசீது எண், தேதி, தொகை மூன்றையும் அன்றே பேனாவால் நோட்டில் எழுதிவிட்டு, ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.

ஓட்டுநருக்கு வட்டிக் கணக்கு எதற்கு, இருக்கிற நேரத்தில் இன்னொரு சவாரி எடுக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் ஸ்டாண்டிலேயே உண்டு. இங்கும் கேட்பீர்கள், தெரியும். அவர்களுக்கு என் பதில் 2020-ஆம் ஆண்டுதான்.

அந்த ஆண்டு மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்று அறிவித்தது. பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. வண்டி ஓடவில்லை, நானும் அதற்கு ஒப்புதல் கொடுத்து ஆறு மாதம் கட்டாமல் இருந்தேன். வேறு வழியும் இல்லை. ஆனால் தவணையைத்தான் தள்ளிவைத்தார்கள், வட்டியைத் தள்ளுபடி செய்யவில்லை. பிப்ரவரித் தவணையைக் கட்டிய பின் என் அசல் பாக்கி சுமார் 3,29,300. அதற்கு ஆறு மாத வட்டி மாதாமாதம் அசலோடு சேர்ந்ததில், ஆகஸ்ட் முடிவில் பாக்கி 3,56,500 ஆகியிருந்தது. வட்டிக்கு வட்டியான பகுதியை மட்டும் அரசு ஏற்றுக்கொள்ளும் என்ற அறிவிப்பு அந்த அக்டோபரில் வந்தது. ஸ்டாண்டில் பலர் ஆறு மாத வட்டியே திரும்ப வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். என் நோட்டின்படி எனக்கு வர வேண்டியது ஏறத்தாழ 900 ரூபாய், நவம்பரில் கணக்கில் வந்ததும் அவ்வளவுதான். கட்டாமல் விட்ட ஆறு தவணையைப் பின்னால் கட்டத்தான் வேண்டும். அதற்கு மேல் ஏறிய வட்டிக்காக, என் கடன் 28 தவணையில் முடிய வேண்டியது 31 தவணையாக நீண்டது. கடைசித் தவணை மட்டும் 10,800 ரூபாய் அளவில் சிறியது. ஆக, ஆறு மாத மூச்சுக்கு நான் கொடுத்த விலை 39,000 ரூபாய்க்குச் சற்று மேல். அந்தத் தொகையை நோட்டில் எழுதிப் பார்த்ததால்தான் 2021 மே ஊரடங்கில் மறுபடி தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கவில்லை. வீட்டு நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்கு வைத்துக் கட்டினேன். நகையை அடகு வைப்பதுதான் எல்லோருக்கும் வழி என்று நான் சொல்ல வரவில்லை. அப்போது இரண்டு வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னிடம் எண்கள் இருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனி, இந்தக் கேள்விக்கு என்னைப் பதில் எழுத வைத்த விஷயம். நான் தள்ளிவைப்புக்கு ஒப்புதல் கொடுத்து, ஏற்றுக்கொண்டோம் என்ற குறுஞ்செய்தியும் வந்த பிறகு, அந்த நிறுவனம் ஏப்ரல் 5, மே 5 இரு தேதிகளிலும் என் வங்கிக் கணக்கில் தவணையை எடுக்க முயன்றிருக்கிறது. கணக்கில் பணம் இல்லை, திரும்பியது. இருமுறையும் 500 ரூபாய் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து, மொத்தம் 1,180 ரூபாயை என் கடன் கணக்கில் எழுதிவிட்டார்கள். என் வங்கியும் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் பிடித்தது. இந்த 1,180 ரூபாய் மொபைலில் எங்கும் தெரியவில்லை. செயலியைத் திறந்தால் அடுத்த தவணைத் தேதியும் தொகையும் மட்டுமே இருக்கும். டிசம்பரில் கிளைக்குச் சென்று முழுக் கணக்கு அறிக்கையை எழுதிக் கேட்டு வாங்கி நோட்டோடு ஒப்பிட்டபோது, அசல் பாக்கி சில ரூபாய் வித்தியாசத்தில் ஒத்துப்போனது. அடியில் ‘இதர கட்டணம்’ என்று இது தனி வரியில் நின்றது. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். கட்டணம் நிலுவையில் இருந்தால், பல ஒப்பந்தங்களின்படி அடுத்து வரும் பணம் முதலில் கட்டணத்துக்கும், பிறகு வட்டிக்கும், கடைசியாகத்தான் அசலுக்கும் போகும். முழுத் தவணை கட்டியும் அந்தத் தவணையில் குறை விழும். குறைக்கு மறுபடி தாமதக் கட்டணம். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் கடைசியில் பாக்கி காட்டுவது பெரும்பாலும் இப்படித்தான் முளைக்கிறது. (தாமதத்துக்கான அபராதத்தை வட்டியோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது, எனக்கு நடந்தது அதற்கு முன்.)

கிளையில் இருந்த தம்பி, இது தலைமை அலுவலக விஷயம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் ஒன்றுமில்லை. ஒப்புதல் குறுஞ்செய்தியின் தேதி, பணம் எடுக்க முயன்ற இரு தேதிகள், வங்கி அறிக்கையின் நகல் ஆகியவற்றோடு கடிதம் எழுதிக் கொடுத்து, என் பிரதியில் முத்திரை வாங்கி வந்தேன். சில வாரங்களில் 1,180 ரூபாயையும் நீக்கினார்கள். வங்கி பிடித்த கட்டணம் திரும்ப வரவே இல்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நோட்டைக் காட்டியதால் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நம் கையெழுத்தில் நாமே எழுதியது அவர்களுக்குச் சாட்சி ஆகாது; வங்கி அறிக்கையும் ரசீதும் குறுஞ்செய்தியும்தான் சாட்சி. எதை, எந்தத் தேதியில் தேட வேண்டும் என்பதை நோட்டு சொன்னது.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிவதில்லை. நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்றும், அவர்கள் கையொப்பமிட்ட படிவம் 35 இரண்டு பிரதியும் வாங்க வேண்டும். சான்று பெரும்பாலும் மூன்று மாதம்தான் செல்லும்; அதற்குள் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் வண்டி கடனில் இருப்பதாகக் காட்டும் ஹெச்.பி. பதிவை நீக்குங்கள். தவறவிட்டால் மறுபடி அந்த நிறுவனத்தின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். 2023 டிசம்பர் 1 முதல் முடிக்கப்படும் தனிநபர் கடன்களுக்கு, முழுத் தொகை கட்டிய 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து அடமானப் பதிவையும் நீக்கித் தர வேண்டும், அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. டாக்ஸி போன்ற தொழில் வண்டிக் கடனுக்கும் இது பொருந்துமா என்று கிளையில் கேட்டு, உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதி வைக்கலாம்.

எங்கள் ஸ்டாண்டில் பலர் ஆர்.சி.யோடு நிறுத்திவிடுகிறார்கள். காப்பீட்டுப் பத்திரத்திலும் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதை நீக்காமல் விட்டு, வண்டி முழுதாக நொறுங்கும் விபத்து நேர்ந்தால், கடன் முடிந்திருந்தாலும் காப்பீட்டு நிறுவனம் முதலில் அவர்களிடமிருந்துதான் சான்று கேட்கும். புதிய ஆர்.சி.யின் நகலைக் கொடுத்தால் பெயரை எடுத்துத் தருவார்கள்.

உங்களுக்கு ஆறு தவணைதான் ஆகியிருக்கிறது. ஒப்பந்தத்தில் தவணை அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிளையில் எழுதிக் கேட்டு வாங்கி, கட்டிய ஆறையும் முதலில் அதில் ஒப்பிட்டு எழுதிவிட்டு, ஏழாவதிலிருந்து தொடருங்கள்.