டிபிஐ 300 ஆகிவிட்டது, பிக்சல் ஏன் கூடவில்லை?

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையின் வெள்ளி விழா மலருக்கு அட்டைப்படமாக வைக்க, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு புகைப்படத்தை அச்சகத்துக்கு அனுப்பினேன். "இது 72 டிபிஐ, 300 டிபிஐ-யில் கொடுங்கள்" என்றார்கள். மென்பொருளில் 72-ஐ 300 ஆக மாற்றினேன். ஆனால் 1200 x 1600 பிக்சல் அப்படியே இருக்கிறது, கோப்பின் அளவும் கூடவில்லை. அச்சகத்தில் மறுபடியும் "போதாது" என்கிறார்கள். மலர் ஏ4 அளவு. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, அச்சகத்தார் சொல்வதும் சரிதான். டிபிஐ என்பது, கோப்பில் இருக்கும் பிக்சல்களை அச்சிடும்போது ஓர் அங்குலத்துக்கு எத்தனை வீதம் அடுக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு குறிப்பு மட்டுமே. குறிப்பை மாற்றினால் அடுக்கும் நெருக்கம் மாறும், அதனால் தாளில் படம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். அடுக்குவதற்கு இருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கை கூடாது.

இந்தக் குறிப்பு எவ்வளவு சிறியது என்பதைக் கோப்பைத் திறந்தே பார்த்துவிடலாம். வழக்கமான ஜேபெக் கோப்பு ஒன்றின் முதல் 20 பைட்டுகள் இப்படி இருக்கும்:

```
FF D8 FF E0 00 10 4A 46 49 46 00 01 01 01 00 48 00 48 00 00
```

இதில் `4A 46 49 46` என்பது JFIF என்ற பெயர். அதன் பின்னே வரும் `00 48`, `00 48` என்னும் இரண்டு ஜோடிகள்தான் அகல, உயரத் திசைகளுக்கான டிபிஐ. பதினாறடிமான எண்ணான 48, நாம் எழுதும் முறையில் 72. இதை 300 ஆக மாற்றும்போது அந்த இரண்டு ஜோடிகளும் `01 2C`, `01 2C` என்று ஆகின்றன. ஆக, நான்கே பைட்டுகள் மாறுகின்றன. அவற்றின் இடத்திலேயே வேறு நான்கு வந்து உட்காருவதால் கோப்பின் அளவும் கூடுவதில்லை. இவற்றுக்குப் பின்னால் வரும் படத்தரவு தொடப்படுவதே இல்லை. சில மென்பொருள்கள் இந்த எண்ணை மாற்றிச் சேமிக்கும்போது படத்தையும் மறுபடி ஜேபெக்காகச் சுருக்கும் என்பதால் கோப்பின் அளவு சற்று ஏறி இறங்கலாம். அதற்கும் டிபிஐ-க்கும் தொடர்பில்லை. குறிப்பை மட்டும் மாற்ற வேண்டுமானால், படத்தை மறுசுருக்கம் செய்யாத இந்தக் கட்டளை போதும்:

```
exiftool -XResolution=300 -YResolution=300 -ResolutionUnit=inches photo.jpg
```

இனி உங்கள் படத்தையே கணக்கில் எடுத்துக்கொள்வோம். 72 என்ற குறிப்போடு இருந்தபோது 1200 x 1600 பிக்சல் என்பது ஏறத்தாழ 16.7 x 22.2 அங்குலம், அதாவது ஒரு சுவரொட்டியின் அளவு. 300 என்று மாற்றியதும் அதே படம் 4 x 5.33 அங்குலமாகிவிட்டது. இரண்டு நிலையிலும் மொத்தம் 19,20,000 பிக்சல்கள்தான். ஆனால் உங்கள் அட்டைக்குத் தேவைப்படுவது இந்த இரண்டு அளவுமில்லை. ஏ4 தாள் 210 x 297 மில்லிமீட்டர். ஓரம் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால் 216 x 303 மில்லிமீட்டர், அதாவது 8.5 x 11.93 அங்குலம் ஆகிறது. இந்தப் பரப்பை நிரப்ப உங்கள் படத்தின் உயரமான 1600 பிக்சல் 11.93 அங்குலத்துக்கு நீட்டப்பட வேண்டும். 1600-ஐ 11.93-ஆல் வகுத்தால் 134. அகலத்தில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும், அது வெட்டில் போய்விடும்.

அச்சகத்தார் பார்ப்பது இந்த 134-ஐத்தான். பக்கம் வடிவமைப்பவர் இன்டிசைனில் உங்கள் படத்தை வைத்து `Links` பலகத்தைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். நாம் டிபிஐ என்று சொல்வதை அது PPI என்று எழுதும். `Actual PPI` என்பது கோப்பில் எழுதியுள்ள குறிப்பு; `Effective PPI` என்பது பக்கத்தில் படம் இப்போது பிடித்திருக்கும் அளவில் உண்மையாகக் கிடைக்கும் நெருக்கம். நீங்கள் முதலில் அனுப்பிய கோப்பில் முதல் எண் 72. அட்டையை நிரப்ப அதை ஏறத்தாழ 54 விழுக்காட்டுக்குச் சுருக்கியிருப்பார்கள், இரண்டாம் எண் 134 என்று வந்திருக்கும். அடுத்து அனுப்பியதில் முதல் எண் 300. அதே இடத்தை நிரப்ப 224 விழுக்காட்டுக்கு நீட்டியிருப்பார்கள், இரண்டாம் எண் மறுபடியும் 134. "300 டிபிஐ-யில் கொடுங்கள்" என்று அச்சகத்தார் சுருக்கமாகச் சொன்னதன் முழுப் பொருள், "இந்த அட்டையின் அளவில் வைத்தபோது 300 கிடைக்கும்படியான படத்தைக் கொடுங்கள்" என்பதே. அளவைச் சொல்லாமல் டிபிஐ-யை மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான் என்றாலும், அச்சகங்களில் அப்படித்தான் கேட்பார்கள். மீதிப் பாதியை நாம் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் பலர் அடுத்த பொறியில் விழுகிறார்கள். போட்டோஷாப்பில் `Image Size` பெட்டியில் `Resample` என்ற கட்டம் டிக் செய்யப்பட்டிருக்கும்போது 72-ஐ 300 ஆக்கினால், தாளின் மீதான அளவை அப்படியே வைத்துக்கொண்டு மென்பொருள் பிக்சல்களைப் பெருக்கிவிடும். உங்கள் 1200 x 1600 படம் 5000 x 6667 ஆகிவிடும். மொத்தப் பிக்சல்கள் 17 மடங்குக்கும் மேல். கோப்பும் பெருக்கும், வடிவமைப்பவரின் திரையில் `Effective PPI` 559 என்று காட்டும், எண்ணை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையையும் அந்தப் படம் தாண்டிவிடும். ஆயினும் புதிதாக வந்த பிக்சல்கள் அனைத்தும் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைச் சராசரியாக்கி இட்டு நிரப்பியவையே. கேமரா பார்க்காத ஒரு தலைமுடி இழைகூட அதில் புதிதாக வந்திருக்காது. இப்படிப் பெருக்கிய படத்தைக் கண்டுபிடிப்பது எளிது. திரையில் 100 விழுக்காட்டில் வைத்து, கண்ணிமை, சேலைக் கரை, பின்னணியிலுள்ள பெயர்ப்பலகை எழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். விளிம்புகள் மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருக்கும். வாட்ஸ்அப் சுருக்கியபோது விழுந்த சிறு சதுரக் கறைகள் பெரிய திட்டுகளாகத் தெரியும். அச்சகத்தாரைச் சமாதானப்படுத்த இந்த வழியில் போக வேண்டாம். ஆயிரம் பிரதி ஓட்டிய பிறகு அட்டையில்தான் அது தெரியும்.

300 என்ற எண்ணும் கல்லில் பொறித்ததன்று. ஆஃப்செட்டில் படம் நுண்புள்ளிகளாக உடைக்கப்பட்டு அச்சாகிறது. வழவழப்பான ஆர்ட் தாளில் இந்தப் புள்ளிவரிசைகள் ஓர் அங்குலத்துக்கு 150 என்ற அளவில் இருப்பது வழக்கம். வரிசை ஒன்றுக்கு இரண்டு பிக்சல் கொடுத்தால் புள்ளிகள் தெளிவாக உருவாகும் என்ற நடைமுறைக் கணக்கிலிருந்து 300 வந்தது. முகங்களும் மரங்களும் உள்ள சாதாரணப் புகைப்படம் 220, 240 என்று இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு வேறுபாடு தெரியாது. செய்தித்தாள் காகிதத்தில் வரிசைகள் 85 முதல் 100 வரையே இருப்பதால் அங்கே 200 தாராளம். தொலைவிலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கு 72 கூடப் போதுமானதாக இருக்கும். ஆனால் கையில் எடுத்து ஓர் அடி தூரத்தில் பார்க்கும் மலர் அட்டைக்கு, ஆர்ட் தாளில், 134 குறைவு. முகங்கள் மங்கலாகவே விழும்.

அப்படியானால் கோப்பிலுள்ள குறிப்புக்கு எங்கேதான் மதிப்பு என்று கேட்கலாம். படத்தைப் பக்கத்தில் முதன்முதலாக வைக்கும் கணத்தில் அதற்கு வேலை உண்டு. இன்டிசைன், கோரல்டிரா, வேர்ட் போன்றவை அந்த எண்ணைப் பார்த்தே படத்தைத் தொடக்கத்தில் எத்தனை அங்குலத்தில் விரிக்கலாம் என்று முடிவு செய்கின்றன. ஒரே அளவான நாற்பது படங்களில் பாதி 72 என்றும் பாதி 300 என்றும் இருந்தால், பக்கத்தில் பாதி பெரிதாகவும் பாதி சிறிதாகவும் விழும். குறிப்பை ஒன்றாக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இணையப் பக்கத்திலோ கைப்பேசித் திரையிலோ இந்த எண்ணால் பொதுவாக எந்த வேறுபாடும் வராது.

டிபிஐ உண்மையாகவே பிக்சல்களைத் தீர்மானிக்கும் இடம் ஸ்கேனர். அங்கே படம் இன்னும் பிறக்கவில்லை. தாளின் ஒவ்வோர் அங்குலத்திலும் எத்தனை முறை அளந்து பார்க்க வேண்டும் என்றே நீங்கள் கட்டளையிடுகிறீர்கள். 4 x 6 அங்குலப் புகைப்படத்தை 300-இல் ஸ்கேன் செய்தால் 1200 x 1800 பிக்சல், 600-இல் செய்தால் 2400 x 3600. ஸ்கேன் முடிந்த பிறகு 300-ஐ 600 என்று திருத்துவதால், உங்கள் கோப்புக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும்.

உங்கள் அட்டைக்கு வருவோம். படத்தை எடுத்தவரின் கைப்பேசியில் மூலக் கோப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 12 மெகாபிக்சல் கேமரா எடுத்த படம் பொதுவாக 3000 x 4000 பிக்சல் இருக்கும். அதே அட்டையில் அது 335 கொடுக்கும். வாட்ஸ்அப்பில் வழக்கமான புகைப்படமாக அனுப்பச் சொல்லாமல், `Document` என்ற வழியில் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது பிக்சல்கள் குறைக்கப்படாமல் வரும். வந்ததும் டிபிஐ-யைப் பார்க்க வேண்டாம், பிக்சலைப் பாருங்கள்: நிமிர்ந்த படமானால் உயரம் 3579-க்கும் அகலம் 2551-க்கும் குறையாமல் இருந்தால் அச்சகத்தார் கேட்டது கிடைத்துவிட்டது. குறிப்பில் 72 என்றே இருந்தாலும் அப்படியே அனுப்பலாம்.

மூலக் கோப்பு அழிந்துபோயிருந்து, காகிதப் பிரதி மட்டும் ஆல்பத்தில் இருந்தால், அதை 600-இல் ஸ்கேன் செய்யுங்கள். 4 x 6 அங்குலப் பிரதியானால், அதன் 4 அங்குல அகலத்தை அட்டையின் 8.5 அங்குலத்துக்கு இருமடங்குக்குச் சற்று மேலாக நீட்டுவதால் 300-இன் ஏறத்தாழ இருமடங்கு தேவைப்படுகிறது. 600-இல் 282 கிடைக்கும், அது போதும். 1200-க்குப் போனால் பெரும்பாலும் காகிதத்தின் சொரசொரப்புதான் கூடுதலாகப் பதிவாகும்.

அதுவும் இல்லையென்றால், இருக்கிற படத்தை அட்டை முழுவதும் பரப்பாமல், 5 அங்குல அகலத்தில் நடுவில் வைத்து, மேலே வாசகசாலையின் பெயரும் கீழே ஆண்டும் வரும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள். 1200 பிக்சல் 5 அங்குலத்தில் 240 ஆகும், உயரம் 6.67 அங்குலம் வரும். பெயரையும் ஆண்டையும் படத்தின் மேலேயே எழுதி ஜேபெக்காகக் கொடுக்காமல், வடிவமைப்பவரையே எழுத்தாக அடிக்கச் சொல்லுங்கள். 240-இல் முகம் தாக்குப்பிடிக்கும், எழுத்தின் விளிம்பு தாக்குப்பிடிக்காது.