ஐம்பதும் ஐம்பதும் தொண்ணூற்றாறரை

கேள்வி: ஆய்வகத்தில் 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. தண்ணீரையும் கலந்தோம். 100 வரவில்லை, 96-ஐ ஒட்டித்தான் நின்றது. கூழாங்கல்லுக்கு நடுவே மணல் புகுவது போல என்று சொன்னார்கள். ஆவியாகிப் போயிருக்கும் என்றாள் தோழி. எது சரி?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இரண்டுமே சரியில்லை. ஆவியானதா என்பதைத் தராசிடம் கேளுங்கள். 25 டிகிரியில் 50 மி.லி. தூய எத்தனால் 39.25 கிராம், தண்ணீர் 49.85 கிராம். கலந்த பிறகு எடை போட்டால் 89.1 கிராம் அப்படியே இருக்கும். கனஅளவு மட்டும் சுமார் 96.5 மி.லி. ஆகியிருக்கும். பொருள் எங்கும் போகவில்லை, அடர்த்திதான் கூடியிருக்கிறது.

கூழாங்கல் கதை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. அது உண்மையென்றால் பெரிய மூலக்கூறும் சிறிய மூலக்கூறும் எங்கே கலந்தாலும் சுருக்கம்தான் வர வேண்டும். பென்சீனையும் சைக்ளோஹெக்சேனையும் 50-க்கு 50 கலந்து பாருங்கள், 100-ஐக் கொஞ்சம் தாண்டும். ஆக, அளவு வித்தியாசம் மட்டும் பதில் ஆகாது. யார் யாரை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதற்கான அளவுகோல்தான் பகுதி மோலார் கனஅளவு. ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இன்னும் ஒரு மோல் தண்ணீர் விட்டால் மொத்தம் 18 மி.லி. கூடும். அதே ஒரு மோல் தண்ணீரைத் தொட்டி நிறைய உள்ள எத்தனாலில் விட்டால் சுமார் 14 மி.லி. மட்டுமே கூடும். எத்தனாலுக்கும் இதே கதைதான்: தன் இனத்தோடு சேர்ந்தால் மோலுக்கு 58.7 மி.லி., ஏராளமான தண்ணீரில் சேர்ந்தால் சுமார் 55. அதாவது இந்த எண் மூலக்கூறின் உடம்பளவு இல்லை. அது உள்ளே வந்ததால் முழுக் கலவையும் எவ்வளவு விரிந்தது என்பதே கணக்கு.

தண்ணீரின் 4 மி.லி. எங்கே போனது? தண்ணீரில் ஒவ்வொரு மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பால் சுமார் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு கை கோத்து நிற்கிறது. அந்தப் பிணைப்புகள் குறிப்பிட்ட திசைகளில்தான் அமையும் என்பதால் நெருக்கி அடுக்க முடியாது, நடுவே காலியிடம் விழும். நாம் 18 என்று அளப்பதில் அந்தக் காலியிடமும் சேர்ந்திருக்கிறது. எத்தனாலுக்கு நடுவே தனியாக மாட்டிய நீர் மூலக்கூறுக்கு அப்படியொரு வலை இல்லை. வலை இல்லையென்றால் அந்தக் காலியிடமும் தேவையில்லை. தண்ணீர் மிகுந்த பக்கத்தில் எத்தனாலின் ஹைட்ராக்சில் முனை வலையோடு பிணைந்துகொள்ள, அதன் எத்தில் வால் வலையின் இடைவெளியில் அமர்ந்துவிடுகிறது. இடைவெளியில் புகுவது என்பதில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த இடைவெளியை உண்டாக்குவது பிணைப்பு.

இப்போது உங்கள் கலவைக்கு வருவோம். அதில் எத்தனால் 0.852 மோல், தண்ணீர் 2.767 மோல். இங்கே 14-ஐயும் 55-ஐயும் போட்டுக் கணக்குப் பார்த்துவிடாதீர்கள். அவை ஒன்று மிகக் குறைவாக இருக்கும் நிலைக்கான எண்கள், விகிதம் மாறினால் அவையும் மாறும். உங்கள் விகிதத்தில் தண்ணீருக்குச் சுமார் 17.5, எத்தனாலுக்குச் சுமார் 56.4.

V = n₁V₁ + n₂V₂ = (2.767 × 17.5) + (0.852 × 56.4) ≈ 96.5 மி.லி.

தண்ணீரின் பங்கு 50-லிருந்து 48.4 ஆகிறது, எத்தனாலின் பங்கு 48.1. சுருங்கியது இருவருமே.

உடம்பளவு என்ற நினைப்பு இன்னும் போகவில்லையென்றால் மெக்னீசியம் சல்பேட்டைப் பாருங்கள். ஏராளமான தண்ணீரில் அதன் பகுதி மோலார் கனஅளவு −1.4 மி.லி. உப்பைப் போட்டால் மொத்தம் குறைகிறது! அயனிகள் சுற்றியுள்ள நீரை இழுத்து நெருக்கிவிடுகின்றன, வலை குலைகிறது. எந்த மணலும் இதைச் செய்யாது.

மறுபடி செய்தால் இரண்டைக் கவனியுங்கள். கலக்கும்போது வெப்பம் வெளிவரும், சூடான திரவம் விரிந்திருக்கும். மூடி வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு, குமிழிகளும் அடங்கியபின் அளவைப் படியுங்கள். அப்புறம், குப்பியில் இருப்பது தூய எத்தனாலா, 95 சதவீத ஸ்பிரிட்டா என்று பாருங்கள். ஸ்பிரிட் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீரோடு சுருங்கிவிட்டது, அதனால் உங்களுக்குக் குறையும் அளவும் சிறிதாகத்தான் இருக்கும்.

70 சதவீத ஆல்கஹால் தயாரிக்கும்போதும் இதே தவறு நடக்கிறது. 70 மி.லி. எத்தனாலில் 30 மி.லி. தண்ணீர் விட்டால் கிடைப்பது சுமார் 97 மி.லி., செறிவு 72 சதவீதம். 70 மி.லி. எடுத்து, குறிக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் விட்டுக் கலந்து, ஆறவிட்டு, பிறகு 100 மி.லி. குறி வரும் வரை தண்ணீர் விடுங்கள். கிட்டத்தட்ட 33 மி.லி. பிடிக்கும்.