240 பக்க ஆய்வேடும் மூன்று நிமிடப் பேச்சும்

கேள்வி: "என் பிஎச்டி ஆய்வேடு 240 பக்கம். மூணு நிமிஷ ஆய்வுரைப் போட்டிக்கு என் பேரைக் கொடுத்துட்டாங்க. எதை வெச்சுக்கிறது, எதை விடுறதுன்னே தெரியல. ஸ்கிரிப்ட் எப்படி எழுதுறது?"

அத்தியாயத்துக்கு அரை நிமிடம் என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் எழுதினேன். முன்னுரை, முன்னாய்வுகள், முறை, முடிவுகள், விவாதம், பரிந்துரை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பத்தி. எழுதி முடித்ததும் அது ஆய்வேட்டின் பொருளடக்கத்தை வாய்விட்டு வாசிப்பதுபோல இருந்தது. நான் என்னென்ன செய்தேன் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது. என்ன கண்டுபிடித்தேன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

என் ஆய்வு மரிக்கொழுந்து பாசியைப் பற்றியது. மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பெண்கள் கடலில் இறங்கி, செத்த பவளக் கல்லில் ஒட்டி வளரும் இந்தப் பாசியைக் கையால் எடுக்கிறார்கள். இதிலிருந்து ஜெல்லி மாதிரி உறையும் அகார் கிடைக்கிறது. என் அம்மாவும் சித்தியும் இந்தத் தொழில் செய்தவர்கள். ஆய்வில் நான் 24 கற்களுக்கு அடையாளம் போட்டேன். 12 கற்களில் அடிப்பகுதியை விட்டுவிட்டு மேலே மட்டும் கிள்ளினேன். மற்ற 12 கற்களில் அடியோடு எடுத்தேன். பிறகு மாதாமாதம் போய் அளந்தேன். இது ஒரு அத்தியாயம்தான். இதோடு தண்ணீரின் உப்பு, வெப்பம், சத்துகள் பற்றி ஒரு அத்தியாயமும், பாசி எடுக்கும் பெண்களிடம் பேசிப் பதிவு செய்த ஒரு அத்தியாயமும் இருந்தன.

இரண்டாவது முறை எழுத உட்கார்ந்தபோது ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டேன். ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்: "அடி விட்டுக் கிள்ளினால் பாசி அதே கல்லில் மறுபடி வளர்கிறது, அடியோடு எடுத்தால் கல் வெகுநாள் வெறுமையாகக் கிடக்கிறது." அப்புறம் இந்த வாக்கியம் புரிய ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போனேன். இது என்ன பாசி, யாருக்கு வேண்டும்? பாசிக்கு 'அடி' என்றால் எது? இது எனக்கு எப்படித் தெரிந்தது? மூன்றே கேள்விகள். இவற்றில் ஒன்றுக்காவது பதில் சொல்லாத எதுவும் ஸ்கிரிப்டில் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

அப்படிப் பார்த்தால் முன்னாய்வுகள் முழுசாகப் போயின. புள்ளியியல் சோதனைகளின் பெயர்கள் போயின. தண்ணீர் அத்தியாயமும் போனது. அதுதான் எனக்கு வலித்தது. விடியலுக்கு முன்னால் எழுந்து போய் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வந்த தண்ணீர் அது. ஆனால் இரண்டு வகைக் கற்களும் ஒரே தண்ணீரில்தான் கிடந்தன. வளர்ச்சியில் வந்த வித்தியாசத்துக்குத் தண்ணீர் காரணமில்லை என்று காட்டத்தான் அந்த அத்தியாயமே. அதனால் அது முழுக்க "பக்கத்தில் பக்கத்தில் கிடந்த கற்கள்" என்ற சொற்களுக்குள் அடங்கிவிட்டது. உங்கள் ஆய்வேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு அத்தியாயத்தின் வேலை முக்கிய முடிவுக்குக் காவல் நிற்பது மட்டும்தான் என்றால், மேடையில் அதற்கு ஒரு சொற்றொடர் போதும்.

தொடக்கமும் மாறியது. பழைய ஸ்கிரிப்ட் "மன்னார் வளைகுடா 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது" என்று ஆரம்பித்தது. தகவல் சரிதான், ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் அது பதில் இல்லை. புதியது இப்படி:

"ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஜெல்லி மாதிரி இருப்பது அகார். அந்த அகாரை எடுக்கும் பாசிகளில் ஒன்றை எங்கள் ஊர்ப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி, கல்லிலிருந்து கிள்ளி எடுக்கிறார்கள்."

முதல் கேள்விக்குப் பதில் இதிலேயே வந்துவிட்டது. அடி என்றால் என்ன என்பதை விளக்க நான் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்ததையே எழுதினேன். ஈரக் கல்லைத் திருப்பினால் பாசி விரல் நீளத்துக்கு இறகு மாதிரிக் கிளைத்து நிற்கும். அதன் கீழே கல்லோடு ஒட்டி, கம்பி மாதிரிப் படர்ந்த ஒரு மெல்லிய பின்னல் இருக்கும். அந்தப் பின்னலிலிருந்துதான் புதுத் தளிர் வரும். மூன்று சின்ன வாக்கியங்கள். ஆய்வேட்டில் இதற்கு இரண்டு பக்கமும் ஒரு நுண்ணோக்கிப் படமும் இருந்தன. ஜெலிடியெல்லா அசெரோசா என்ற பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மரிக்கொழுந்து பாசி என்றே சொன்னேன். ஊர்ப் பெயர் இருக்கிற பொருளுக்கு அறிவியல் பெயரைச் சொன்னால், கேட்பவர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அடுத்த வாக்கியம் கைநழுவிப் போகும்.

சரி, இதுவரை எல்லாம் நன்றாகப் போனது. உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் வந்தது. நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து அவரிடம் பேசிக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். முடித்ததும், "அப்ப நாங்கதான் பாசிய அழிக்கிறோம்னு சொல்ற, அப்படித்தானே ஆத்தா?" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. அப்படி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. ஆனால் பேச்சு கூட்டிக்கழித்து அதைத்தான் சொன்னது. அடியோடு எடுத்தால் கல் வெறுமையாகிறது, எடுப்பவர்கள் இந்தப் பெண்கள், எனவே தப்பு அவர்கள்மேல். சித்தி விடவில்லை. "அடிய விட்டுக் கிள்ளணும்னு எங்களுக்குத் தெரியாதா? தண்ணி ஏறுறதுக்குள்ள பை நெறையணும். கண்ணுக்குத் தெரியாத கலங்கல்ல கைக்கு வந்தத எடுக்குறதுதான். எடை போட்டுத்தானே காசு?"

இதெல்லாம் என் ஆய்வேட்டில் இருந்தது. பெண்களிடம் பேசிப் பதிவு செய்த அந்த அத்தியாயத்தில் சித்தி சொன்னதைப் போலவே ஐந்தாறு பேர் சொல்லியிருந்தார்கள். பாசி வளர்ச்சிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று முதல் வெட்டிலேயே தூக்கிவிட்டேன். தண்ணீர் அத்தியாயத்தை எடுத்தபோது முடிவு மாறவில்லை. இந்த அத்தியாயத்தை எடுத்தபோது முடிவின் பொருளே மாறிவிட்டது. சுருக்கும்போது கவனிக்க வேண்டியது இந்த வித்தியாசம்தான். ஒரு பகுதியை எடுத்த பிறகு மிச்சம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், மிச்சம் இன்னும் உண்மையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதியவருக்கு இது தானாகத் தெரியாது. விட்டுப்போனது நம் தலைக்குள் இன்னும் இருப்பதால், படிக்கும்போது நாமே அதை நிரப்பிக்கொள்கிறோம்.

அதனால் ஒத்திகைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் துறைக்கு வெளியே உள்ளவர். அவருக்குப் பேசிக் காட்டிவிட்டு, மறுநாள் "நேற்று நான் என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்லும் வாக்கியம் நீங்கள் தாளில் முதலில் எழுதிய வாக்கியத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். இன்னொருவர் உங்கள் ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்களில் ஒருவர். விவசாயி, நோயாளி, மாணவர், யாராக இருந்தாலும் சரி. ஆய்வு மனிதர்களைப் பற்றியது இல்லையென்றால், அந்தப் பொருளோடு அன்றாடம் புழங்குபவர்.

சித்தி கேட்டதற்குப் பிறகு நான் சேர்த்தது மூன்று வாக்கியங்கள்: "அடியை விட வேண்டும் என்று இந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்களிடமிருந்துதான் நான் கற்றேன். ஆனால் தண்ணீர் ஏறுவதற்குள் பையை நிரப்ப வேண்டும், கூலி எடைக்குத்தான்." இது வந்ததும் பேச்சின் கடைசியும் மாறியது. முன்பு "பாசி எடுப்பவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்" என்று முடித்திருந்தேன். புதியதில், அடி விட்டு எடுத்த பாசிக்குக் கூடுதல் விலை கிடைக்க என்ன வழி என்ற கேள்வியில் முடித்தேன்.

சேர்த்ததற்கு ஈடாக வேறு எதையாவது எடுக்க வேண்டுமே. இங்கே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் மூன்று நிமிடத்துக்கு 400 சொற்கள் வரை என்பார்கள். தமிழில் அந்தக் கணக்கு உதவாது. "எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரே சொல். நான் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 95 சொற்கள் வருகின்றன. அதனால் 250 சொற்கள் என்று எல்லை வைத்துக்கொண்டேன். அது ஏறக்குறைய இரண்டே முக்கால் நிமிடம். மிச்சம் பதினைந்து விநாடி மூச்சுக்கும் இடைவெளிக்கும். உங்கள் வேகத்தை அலைபேசியில் பதிவு செய்து எண்ணிக்கொள்ளுங்கள். மனசுக்குள் படித்து நேரம் பார்த்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

நேரத்தில் தளர்வே கிடையாது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கிய போட்டி இது. அதன் விதிப்படி மூன்று நிமிடம் தாண்டினால் தகுதி போய்விடும். அசைவில்லாத ஒரே ஒரு ஸ்லைடு, கையில் எந்தப் பொருளும் கூடாது. நான் கல்லை எடுத்துப் போகலாம் என்று ஆசைப்பட்டேன், முடியாது. ஸ்லைடில் நான்கு வரைபடங்கள் வைத்திருந்ததை எடுத்துவிட்டு, ஒரே நாளில் எடுத்த இரண்டு கற்களின் படத்தை அருகருகே வைத்தேன். ஒன்றில் பாசி, இன்னொன்றில் வெறும் கல். எழுத்தே இல்லை. அதனால் "இடப்பக்கம் இருப்பது, வலப்பக்கம் இருப்பது" என்று வரைபடங்களை விளக்கிய இரண்டு வாக்கியங்கள் தேவையில்லாமல் போயின. சித்தியின் வாக்கியங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது.

கடைசியாக வெட்டுக்குத் தப்ப வேண்டிய ஒன்று, வரம்பு சொல்லும் சொற்கள். சொல் எண்ணிக்கை நெருக்கும்போது முதலில் போவது அவைதான். "நான் பார்த்த இந்தக் கற்களில்" என்ற நான்கு சொற்களை எடுத்தால், என் முடிவு மன்னார் வளைகுடா முழுவதுக்கும் பொருந்துவதுபோல ஆகிவிடும். 24 கற்களை வைத்து அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பதிலாக "மிகவும்", "உண்மையில்", "குறிப்பாக" போன்றவற்றைத் தேடி எடுத்தேன். ஒன்பது கிடைத்தன.

போட்டிக்கு முந்தின நாள் சித்தியிடம் மறுபடி பேசிக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கூலி எடைக்குத்தான்னு சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொல்லு" என்றார். நிறுத்தியும் இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் முடிந்தது.