வேலையாள் சேரும் நாளில் எதைக் கொடுப்பது, எதைத் திறப்பது, எதை வாங்கி வைப்பது?

கேள்வி: கிளிநொச்சியில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறன். இவ்வளவு நாளும் நானும் மனைவியும்தான். வாற மாசம் 1ஆம் திகதி பில் போட ஒரு பிள்ளையும், களஞ்சியம் பார்க்க ஒரு பொடியனும் சேருகினம். அவைக்கு என்ன கொடுக்க வேணும், எந்தக் கணக்குகள் திறக்க வேணும், என்ன படிவம் வாங்க வேணும்? ஒண்டும் விட்டுப்போகாமல் சொல்லுங்கோ.

பதில்: கொடுக்கும் பொருளில் பிழை வந்தால் அடுத்த கிழமையே திருத்தலாம். படிவத்தில் வந்த பிழை பல வருடம் கழித்து, அவர் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் வெளியே தெரியும். ஆகவே படிவங்களிலிருந்து தொடங்குங்கள்.

இருவரும் உங்கள் குடும்பத்துக்கு வெளியே இருந்து வரும் முதல் ஊழியர்கள். முதலில் நீங்கள்தான் சேமலாப நிதியில் தொழில்தருநராகப் பதிய வேண்டும். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் டி படிவம் வாங்கி, வணிகப் பதிவுச் சான்றிதழின் பிரதியோடு கொடுங்கள். ஆள் சேர்ந்து 14 நாட்களுக்குள் இது நடக்க வேண்டும். தொழில்தருநர் இலக்கம் கிடைத்த பின் ஒவ்வொருவருக்கும் ஏபிஎச் படிவம் நிரப்ப வேண்டும். அதில் பி அட்டை ஊழியருடையது. அவரிடமே கொடுத்து, ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள். அங்கத்துவ இலக்கம் 1, 2 என்று நீங்களே வரிசையாகக் கொடுப்பது. இரண்டாமவர் விலகி வேறொருவர் வந்தால் அவருக்கு 3. பழைய இலக்கத்தைத் திரும்பக் கொடுத்தால் இருவருடைய காசும் ஒரே கணக்கில் கலந்துவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வன்னியில் அதிகம் சறுக்குவது பெயர் எழுத்தில். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும், அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று: Yogeswaran ஒரு இடத்தில், Jogeswaran இன்னொரு இடத்தில். தகப்பன் பெயர் ஒன்றில் முழுதாக, மற்றதில் முதலெழுத்தாக. இடப்பெயர்வில் ஆவணம் தொலைந்து, பிறகு பிரதி எடுத்தவர்களிடம் இந்த வேறுபாடு கூடுதலாக இருக்கும். மூன்றையும் மேசையில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். படிவத்தில் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். மற்றவை வேறுபட்டால், இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துப் பிரதியைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழே இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி, அதுவரை அடையாள அட்டையை வைத்துப் பதியுங்கள். பதிவை ஒத்திப்போட வேண்டாம்.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். முன்பு வேறு கடையில் பழைய ஒன்பது இலக்க அட்டையில் பதிந்தவர், இப்போது பன்னிரண்டு இலக்க அட்டையோடு வரலாம். இரண்டையும் கேட்டுக் குறித்து வையுங்கள். பழையதிலிருந்து புதியது வரும் முறை எளிது. ஆண்டின் முன்னால் 19 சேரும், நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 சேரும், V போய்விடும்.

```
853450000V  ->  198534500000
```

(இது உதாரணத்துக்கு எழுதிய இலக்கம்.) 345 என்பது டிசம்பர் 10. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக வைத்து எண்ணுவார்கள். பெண்ணென்றால் அதோடு 500 கூடி 845 ஆகும். பிறந்த திகதியோடு இது ஒத்துவருகிறதா என்று பார்த்தாலே தட்டச்சுப் பிழை பிடிபட்டுவிடும். ஒன்று மட்டும்: அடையாள அட்டையின் மூலத்தை வாங்கி லாச்சியில் வைக்காதீர்கள். பிரதி போதும்.

‘ஆறு மாதம் பார்த்துவிட்டு சேமலாப நிதி கட்டுவம்’ என்பது நம் கடைத்தெருவில் சாதாரணம். ஆனால் தகுதிகாண் காலமென்றாலும், தற்காலிகமென்றாலும், முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். சம்பளம் 40,000 ரூபா என்று வைத்தால் ஊழியரின் 8 வீதம் 3,200, உங்கள் 12 வீதம் 4,800. இதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் 1,200. இது முழுதும் உங்கள் பொறுப்பு, அவரிடம் வெட்டக்கூடாது. அவர் கையில் 36,800 போகும், உங்களுக்கு அவர் மாதம் 46,000 ரூபாச் செலவு. சம்பளம் பேசும்போதே இந்த இரண்டு தொகையையும் சொல்லிவிடுங்கள். முதல் சம்பள நாளில் ‘ஏன் குறைஞ்சது’ என்ற கேள்வி வராது. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. ஒரு மாதத்துக்குரியதை அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். சேமலாப நிதி பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, பிந்தப் பிந்த 50 வீதம் வரை ஏறும்.

நியமனக் கடிதம் முதல் நாளே கொடுங்கள். பதவி, சேரும் திகதி, சம்பளம், கொடுக்கும் நாள், வேலை நேரம், லீவு, தகுதிகாண் காலம், விலகும் அறிவித்தல் எல்லாம் அதில் இருக்கட்டும். கடைகள், அலுவலகங்களுக்கான சட்டத்தில் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. அதற்குமேல் மேலதிக நேரம். இரண்டு பிரதி, இரண்டிலும் கையொப்பம். மிச்சப் படிவங்கள் சின்னவை: கிராம அலுவலர் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேரின் தொலைபேசி இலக்கம்.

கணக்குகளில் பில் மென்பொருளை முதலில் கவனியுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். உங்களுடையதைக் கொடுத்தால், பிறகு காசு குறையும்போது யார் போட்ட பில் என்று தெரியாது. குற்றமில்லாதவரும் சந்தேகத்துக்கு ஆளாவார். பில் அழிப்பதும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் கழிவு கொடுப்பதும் உங்கள் பயனருக்கு மட்டும் திறந்திருக்கட்டும். களஞ்சியப் பொடியனுக்கு இருப்புப் பார்க்கும் அனுமதி போதும், விலை மாற்றும் அனுமதி வேண்டாம்.

வாடிக்கையாளர் வட்ஸ்அப் இலக்கம் கடையின் பெயரில் பதிந்த சிம்மில்தான் ஓட வேண்டும். ஊழியரின் சொந்த இலக்கத்தில் ஓடினால், அவர் விலகும் நாளில் விசுவமடுவிலிருந்தும் பரந்தனிலிருந்தும் வந்த அழைப்பெல்லாம் அவரோடு போய்விடும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான PIN இலக்கத்தை நீங்கள் வைத்து, மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையதைக் கொடுங்கள்.

பொருட்களுக்கு ஒரு கொப்பி போதும். ஒரு பக்கம் ஒருவருக்கு: பொருள், தொடர் இலக்கம், கொடுத்த திகதி, நிலை, கையொப்பம், திரும்பி வந்த திகதி. தொலைபேசியில் *#06# அழுத்தினால் வரும் இலக்கத்தை எழுதுங்கள். திறப்புகளை எண்ணி எழுதுங்கள். ‘களஞ்சியத் திறப்பு’ என்று மட்டும் எழுதினால் இரண்டு கொடுத்தோமா மூன்றா என்று பிறகு தெரியாது. களஞ்சியத்தில் இரும்பு தூக்குபவருக்கு முன்பகுதியில் இரும்பு வைத்த சப்பாத்தும் கையுறையும் முதல் நாளே வேண்டும். செருப்போடு பெட்டி இறக்க விடாதீர்கள். காசாளருக்குச் சில்லறை 5,000 ரூபா கொடுப்பதென்றால், இருவரும் சேர்ந்து எண்ணி, இருவரும் கையொப்பமிட வேண்டும். மாலையும் அப்படியே.

காணாமல்போன பொருளுக்குச் சம்பளத்தில் வெட்டுவதாக இருந்தால், எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கை வைக்காதீர்கள். இந்தக் கொப்பியின் பக்கம்தான் இரு பக்கத்துக்கும் சாட்சி.