பேறுகால விடுப்புக் கடிதமும் வார்டு ஒப்படைப்பும்

"அக்கா, 2024 செப்டம்பர் 9இல் இங்கிலாந்தில் என்.எச்.எஸ். அரசு மருத்துவமனை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். பிரசவத் தேதி 2025 டிசம்பர் 10. மேலாளருக்கு விடுப்புக் கடிதம் எப்போது தர வேண்டும்? ஒப்படைப்புத் திட்டமும் கேட்கிறார், அதில் என்ன எழுதுவது?"

முதலில் காலண்டரை எடுங்கள் தங்கச்சி. இங்கே பேறுகால வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. உங்கள் பிரசவ வாரம் டிசம்பர் 7. அதிலிருந்து 11 வாரம் பின்னோக்கினால் செப்டம்பர் 21. அந்த நாளுக்குள் என்.எச்.எஸ்.ஸில் 12 மாதத் தொடர் பணி முடிந்திருந்தால்தான் 8 வாரம் முழுச் சம்பளம், பிறகு 18 வாரம் பாதிச் சம்பளம் என்ற நல்ல கணக்கு. நீங்கள் பன்னிரண்டு நாள் இடைவெளியில் தப்பித்தீர்கள். அக்டோபரில் சேர்ந்திருந்தால் சட்டப்படியான பேறுகாலத் தொகை மட்டுமே.

கடிதத்துக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 30. ஆனால் அதுவரை இழுக்காதீர்கள். கர்ப்பம் 20 வாரம் ஆனதும், பிரசவத் தேதியை உறுதிசெய்யும் மேட்-பி-1 சான்றிதழை மிட்வைஃப் தருவார், அதோடு கொடுத்துவிடுங்கள். பிரசவ வாரம், விடுப்புத் தொடங்கும் தேதி, திரும்பி வந்து குறைந்தது 3 மாதம் என்.எச்.எஸ்.ஸில் வேலை செய்யும் எண்ணம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். பலர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். சம்பளக் கணக்கு அதை நம்பித்தான் நிற்கிறது. பிறகு திரும்பாவிட்டால், சட்டப்படியான தொகை போக மீதியைத் திருப்பிக் கேட்பார்கள்.

ஒப்படைப்புத் திட்டம் என்றால் ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்வது அல்ல. அதில் நோயாளியின் பெயரே வரக்கூடாது. உங்கள் தலையில் மட்டும் இருக்கும் வேலைகளைத்தான் எழுத வேண்டும். நான் படுக்கைப்புண் தடுப்புக்கு வார்டின் பொறுப்பு நர்ஸ். மாதாந்திரத் தணிக்கை, பயிற்சிக்கு வந்த நர்ஸிங் மாணவியின் மதிப்பீடு எல்லாவற்றையும் அழகாக எழுதினேன். வாடகைக் காற்று மெத்தைகளின் பட்டியல் மட்டும் என் குறிப்பேட்டிலேயே இருந்துவிட்டது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு மெத்தைகளை யாரும் திருப்பி அனுப்பவில்லை. வாடகை ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தொலைபேசியில் பட்டியலைப் படித்தேன்.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அது அடுத்து எந்தத் தேதியில் வருகிறது, கோப்பு எங்கே இருக்கிறது, யார் ஏற்கிறார் என்று எழுதுங்கள். ஏற்பவர் ஒப்புக்கொண்ட பிறகே பெயரைப் போடுங்கள். மாணவியின் மதிப்பீடு பாதியில் இருந்தால், இதுவரை பார்த்ததை அவருடைய பதிவேட்டில் நீங்களே எழுதிக் கையொப்பமிட்டு விடுங்கள்.

விடுப்பு நவம்பர் 24 என்று வைத்தாலும், ஒப்படைப்பை நவம்பர் 8க்குள் முடிக்கும்படி திட்டமிடுங்கள். பிரசவ வாரத்துக்கு முந்தைய நான்கு வாரங்களில் கர்ப்பம் சார்ந்த நோயால் வேலைக்கு வரவில்லை என்றால், நீங்கள் குறித்த தேதிக்கு முன்பே பேறுகால விடுப்புத் தொடங்கிவிடலாம். எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது ஒரு புதன்கிழமை. வியாழன் முதல் நான் விடுப்பில்.