கூட்டு மாத்திரைகளும் அறுவை சிகிச்சையும்

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன். சுகர், பிரஷர் உண்டு, 2 வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்? டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: மயக்கவியல் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். அப்பா எதையும் தாமாக நிறுத்த வேண்டாம். ஆனால் சில மருந்துகளை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், குறைந்தது 10 நாட்களுக்கு முன் மயக்க மருந்து மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் பலர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சேர்ந்த ஒரே கேப்ஸ்யூலைச் சாப்பிடுகிறார்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும்போது தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து நரம்பை அழுத்திவிடக் கூடும் என்பதால், குளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆஸ்பிரினையோ, ஸ்டென்டில் இரத்தம் உறையாமலிருக்க, பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். கேப்ஸ்யூலையே நிறுத்திவிட்டால் இரண்டும் ஒருசேர நின்றுவிடும், அதுதான் ஆபத்து. எனவே இதய மருத்துவரின் கருத்தைக் கேட்டு, ஆஸ்பிரினைத் தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

சர்க்கரை மாத்திரையிலும் இதே சிக்கல் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை 3 நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்; பட்டினி இருக்கும் உடலில் இவை கீட்டோன் அமிலத்தைப் பெருகச் செய்யக் கூடும். அப்போது குளுக்கோமீட்டர் ஏறக்குறைய இயல்பான அளவையே காட்டலாம் என்பதால், வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவற்றை அறுவையின் பின்விளைவு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. மெட்ஃபார்மினைப் பொதுவாக அறுவை நாளன்று மட்டும் தவிர்த்தால் போதும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால், அந்த 3 நாட்களுக்கு என்ன சாப்பிடுவது என்று கேளுங்கள்.

பிரஷருக்கான டெல்மிசார்டானை 24 மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வதுண்டு. மெட்டோபிரோலாலைத் திடீரென நிறுத்தினால் இதயத்துடிப்பு எகிறும். அதை அறுவை நாள் காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள்.

மருத்துவரிடம் சொல்லும்போது "பிரஷர் மாத்திரை", "ஹார்ட் மாத்திரை" என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் அச்சிட்டுள்ள மருந்துப் பெயர்களும் மில்லிகிராம் அளவும் தெரியும்படி படமெடுத்துக் கொள்ளுங்கள். ஒரு தாளில் அவற்றை எழுதி, எதிரே நிறுத்த வேண்டிய தேதியை மருத்துவர் கையாலேயே குறித்து வாங்குங்கள். சித்த மருந்து, மூட்டுவலி மாத்திரை எதுவானாலும் அதில் சேருங்கள். அட்மிஷன் அன்று செவிலியர் "எல்லாம் நிறுத்தியாச்சா?" என்று கேட்டால் வெறுமனே ஆமாம் என்று சொல்லாமல், கடைசியாக எதை எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். தவறி ஒன்றைச் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். மயக்க முறையை மாற்றவோ தேதியைத் தள்ளிவைக்கவோ முடியும். நிறுத்தியவற்றை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். குளோபிடோக்ரெலை மீண்டும் தொடங்க மறந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டவர்கள் உண்டு.